லோ, மிட், ஹை: எந்தத் தலைக்கு எந்த ஃபேட்?

நான் மட்டக்களப்பு நகரில் ஒரு வங்கிக் கவுண்டரில் வேலை செய்கிறேன். பக்கத்திலும் பின்னாலும் கீழே ஒட்ட வெட்டி, மேலே போகப் போக முடியைக் கூட்டுகிற ஃபேட் வெட்டில் நான் வெட்டுவது லோ ஃபேட்தான், இனியும் அதுதான். மிட் வெட்டிப் பார்த்திருக்கிறேன். ஹை என் தலையில் ஏறியதில்லை. பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் வேலை செய்யும் என் தம்பியின் தலையைப் பார்த்துத்தான் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

வித்தியாசம் தெரிந்ததுதான். தோல் தெரிகிற இடம் எவ்வளவு உயரத்தில் முடிகிறது என்பதே கணக்கு. லோவில் காதுக்கு மேல் ஒரு விரல், ஒன்றரை விரல் அகலத்தோடு நின்று, பின்னால் பிடரிப் பக்கம் இறங்கிவிடும். மிட் காதுக்கும் நெற்றி மூலைக்கும் நடுவில் நிற்கும். ஹை நெற்றி மூலை வரைக்கும் ஏறும்.

முகத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். வட்ட முகத்துக்கு ஹை நீளம் காட்டும், நீள முகத்தை அது இன்னும் நீட்டிவிடும். அது சரிதான். ஆனால் பார்க்க வேண்டியது பின்தலையை. பிடரியிலிருந்து விரலை மேலே ஓட்டினால், காதின் நடு உயரத்துக்குக் கிட்ட ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். அந்த மேடு நன்றாகப் புடைத்திருந்தால் மிட், ஹை இரண்டும் எடுபடும், தலையின் வளைவே அழகாகத் தெரியும். மேடு தெரியாமல் பின்தலை தட்டையாக இருந்தால், அந்த இடத்தில் முடி நின்றால்தான் வளைவு வரும். எனக்குத் தட்டைதான். மிட் வெட்டிய நாட்களில் நேரே பார்த்தால் குறையில்லை, பக்கவாட்டில் எடுத்த படத்தில் பின்தலை பலகை மாதிரி இருந்தது. லோவில் அந்த முடி மேட்டுக்குக் கீழே வரை நிற்பதால் தட்டை மறைந்துவிடுகிறது. பழைய தழும்பு இருப்பவர்களும், காது வெளியே நிற்பவர்களும் இதே காரணத்துக்காகக் கீழேயே நிற்பது நல்லது.

ஆனால் என்னை லோவிலேயே நிறுத்தி வைத்திருப்பது வெட்டிய நாளின் அழகு இல்லை, பத்தாம் நாள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அப்படியென்றால் சைபரில் வழித்த இடம் பத்து நாளில் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். மெசினில் ஒன்றாம் நம்பர் விடுகிற நீளமும் அதே 3 மில்லிமீட்டர்தான். தோலிலிருந்து கருப்புக்கு ஏறிய அந்த மங்கல் அதோடு போச்சு.

போவது எல்லாத் தலையிலும் போகும், எங்கே போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிடரியிலும் கிருதாவிலும் முடி கீழ்நோக்கி வளர்ந்து படிந்து கிடக்கும். லோ ஃபேட் வளர்ந்தாலும் சாதாரணமாகக் குறைத்து வெட்டின தலை போலத்தான் இருக்கும், மூன்று வாரம் தள்ளலாம். நெற்றி மூலை உயரத்தில் தலை வளைகிற இடத்து முடி அப்படியில்லை, நேராக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஹை வளர்ந்தால் இரண்டு பக்கமும் உப்பி, தலையே அகன்று தெரியும். தம்பி பத்து நாளுக்கு ஒருமுறை சலூனில் இருப்பது இதனால்தான். மிட் இரண்டுக்கும் நடுவில், இரண்டாம் வாரம் தாண்டினால் எனக்குக் கையரித்தது.

வேலையிடமும் இங்கேதான் வந்து சேருகிறது. கவுண்டரில் இருப்பவர், கச்சேரியில் இருப்பவர், பாடசாலை ஆசிரியர் எல்லோரையும் மற்றவர்கள் பார்ப்பது வெட்டிய மறுநாள் மட்டும் இல்லையே. சம்பளத்துக்குச் சம்பளம் வெட்டுகிற ஆளென்றால் மாதத்தில் பாதி நாள் கலைந்த ஹை ஃபேட்டோடுதான் உட்கார வேண்டும். தம்பிக்கு அந்தக் கவலை இல்லை, சலூன் பக்கத்திலேயே இருக்கிறது, ஹோட்டலில் யாரும் ஒன்றும் சொல்வதுமில்லை. அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பழக்குகிற பெடியன்களுக்கும் ஹை வசதிதான், உப்புத் தண்ணீரில் ஊறினாலும் சீவுகிற வேலையில்லை. வெளியில் நின்று வேலை செய்பவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்க வேண்டும்: முடி மூடியிருந்த தோல் முகத்தை விட வெளுத்திருக்கும், நம் வெயிலில் அந்தப் பட்டை தனியாகத் தெரியும். ஹையில் அந்தப் பட்டை பெரிது.

சுருள் முடிக்காரருக்கு இந்தப் பத்து நாள் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், என்னுடையது நேர் முடி.

சலூனில் “லோ ஃபேட்” என்று மட்டும் சொன்னால் போதாது, ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு உயரம். நான் விரலை வைத்துக் காட்டிவிட்டு, “அண்ணன், சைபர் வேணாம், ஒண்டில இருந்து ஏத்துங்க, இதுக்கு மேல போகாதீங்க” என்பேன். ஒன்றில் தொடங்கினால் தோல் பளிச்சென்று தெரியாது, வளரும்போதும் கோடு விழாது. கல்யாண வீட்டுக்காக ஹைதான் வேண்டும் என்றால் இரண்டு மூன்று நாள் முந்தியே வெட்டிவிடுங்கள், அதற்குள் வெளுத்த தோலில் கொஞ்சம் நிழல் விழுந்திருக்கும்.