தாமத வட்டி போட நான் வைத்திருக்கும் ஷீட்: நான்கு வருட அனுபவம்

நெல்லிக்குப்பத்தில் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மாப்ள, லேட்டா பணம் தர்ற பார்ட்டிக்கு வட்டி போட ஒரு ஷீட் வச்சிருக்கியாமே, அனுப்பேன்." கடலூரில் பெயின்டிங் வேலை எடுக்கும் நான் நான்கு வருடமாக அதைத்தான் நம்பியிருக்கிறேன். அதில் இருப்பது ஒரே வரி:

```
=ROUND(D2*18%*MAX(0,F2-E2)/365,0)
```

D2 பாக்கித் தொகை, E2 கெடு தேதி, F2 பணம் வந்த தேதி. என் ஒர்க் ஆர்டரில் பில் தேதியிலிருந்து 30 நாள் கெடு, அதற்குமேல் வருடம் 18 சதவீதம், தனி வட்டி. நம் ஊர்ப் பேச்சில் ஒன்றரை வட்டி. மாதக் கணக்கில் பேசினால் பாதி மாதத்துக்குச் சண்டை வரும். நாள் கணக்கில் அது இல்லை.

ஒரு பில்லையே சொல்கிறேன். 2024 ஏப்ரல் 3-ஆம் தேதி பில், வரியோடு 1,80,000 ரூபாய். கெடு மே 3. ஜூன் 12-இல் 1,00,000 வந்தது, மீதி 80,000 ஆகஸ்ட் 31-இல். இதை ஒரே வரியில் போட்டு முழுத் தொகைக்கும் 120 நாள் வட்டி கேட்டால் 10,652 வரும். அது அநியாயம். பாதியில் பணம் வந்தால் ஷீட்டின் அந்த வரியை அந்தத் தேதியில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் 40 நாளுக்கு 1,80,000 மீது 3,551. அடுத்த 80 நாளுக்கு 80,000 மீது 3,156. ஆக 6,707. (வரும் பணம் முதலில் வட்டிக்குப் போகும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கணக்கு வேறு.)

ஆனால் நான் அனுப்பிய கடிதத்தில் இருந்தது 9,370. கம்பெனி அக்கவுன்ட்ஸ் பெண் போன் செய்தார்: "அண்ணே, பில்லே ஏப்ரல் 3-தானே? அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிருக்கே." எந்த நாட்டு முறையில் தேதியைப் படிப்பது என்று சொல்லும் ஷீட்டின் Locale அமெரிக்காவில் இருந்திருக்கிறது. பணம் வந்த தேதிகளை 12-Jun-2024 என்ற மாதிரி அடித்திருந்ததால் அவை தப்பின. பில் தேதியாக நான் அடித்த 03/04/2024-ஐ அது மார்ச் 4 என்று எடுத்து, கெடுவை ஏப்ரல் 3 ஆக்கிவிட்டது. 30 நாள், 2,663 ரூபாய் கூடுதல். 25/04/2024 என்று அடித்திருந்தால் 25-ஆவது மாதம் இல்லாததால் அது வெறும் எழுத்தாக இடது ஓரத்தில் நின்று பிழை காட்டியிருக்கும். 12-க்குள் வரும் தேதிகள்தான் சத்தமில்லாமல் மாறுகின்றன. Locale-ஐ இந்தியாவுக்கு மாற்றியும் என் கோபம் தீரவில்லை. இப்போதெல்லாம் எல்லாத் தேதியையும் 3-Apr-2024 என்று மாதத்தை எழுத்தில்தான் அடிக்கிறேன்.

திருத்தி அனுப்பிய 6,707-ஐ அந்தப் பெண் வரி வரியாகச் சரிபார்த்து, ஒரு பேச்சும் இல்லாமல் பாஸ் செய்தார். நோட்டில் எழுதிய கணக்குக்கு அந்த மரியாதை எனக்குக் கிடைத்ததே இல்லை. இருந்தும் நண்பனுக்கு ஷீட்டை அனுப்பவில்லை. முதல் மூன்று பில்லுக்குக் காலண்டரை வைத்து நாளை விரலால் எண்ணு, அப்புறம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.