பெர்மாங்கனேட் தரம்பார்த்தலுக்குச் சுவரொட்டி: படிவரிசையா, நிறுத்தப் பட்டியலா?

முதலாண்டு வேதியியல் ஆய்வகத்தில் ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும் சோதனைக்குக் கையேட்டில் ஒரு பக்கச் செய்முறை இருக்கும். அதைச் சுவரொட்டியாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு படியாக உடைத்து எண்ணிட்டு அடுக்குவது. மற்றொன்று, வேலையை இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தி, அங்கே தவறக்கூடியவற்றை மட்டும் சரிபார்க்கச் சொல்வது.

படிவரிசையின் முதல் சிக்கல் இடம். உடைத்து எழுதினால் பதினெட்டு, இருபது படிகள் வரும். பாதிக்கு இரண்டு வரி தேவை. ஏ2 தாளின் உயரம் 594 மில்லிமீட்டர். மேசையிலிருந்து படிக்கும்படி பெரிய எழுத்தில், வரிக்கு 25 மில்லிமீட்டர் ஒதுக்கினால், தலைப்பு போக இருபது வரிதான் கொள்ளும். எழுத்தைச் சிறிதாக்கினால் அது சுவரில் மாட்டிய கையேடு, அவ்வளவுதான். இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. ஒரு கை பியூரெட் திருகிலும் மறு கை கூம்புக் குடுவையிலும் இருக்கும்போது யாரும் பதினோராம் படியைத் தேடிப் படிப்பதில்லை. நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பும்போது இடம் தவறி, ஒரு படி விடுபடுவதும் உண்டு.

நிறுத்தப் பட்டியல் கை சும்மா இருக்கும் நேரத்தில் படிக்கப்படுவது. இந்தச் சோதனையில் முதல் நிறுத்தம் பியூரெட்டை நிரப்பியதும் வர வேண்டும். கையேடு "பியூரெட்டைக் கழுவி, பெர்மாங்கனேட் கரைசலால் அலசி, குறி வரை நிரப்புக" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும். சுவரொட்டியில் அது இப்படி மாறும்:

☐ பியூரெட்டைப் பெர்மாங்கனேட்டால் அலசியாயிற்று
☐ பிப்பெட்டை ஆக்சாலிக் அமிலத்தால் அலசியாயிற்று
☐ கூம்புக் குடுவையை வாலை வடிநீரால் மட்டும் கழுவியாயிற்று
☐ பியூரெட் முனையில் காற்றுக் குமிழி இல்லை
☐ புனலை எடுத்தாயிற்று

இந்த ஐந்தும் ஏன்? பியூரெட்டில் தண்ணீர் தங்கினால் பெர்மாங்கனேட் நீர்த்து, அளவீடு கூடும். பிப்பெட்டில் தங்கினால் அமிலம் நீர்த்து, அளவீடு குறையும். குடுவையை ஆக்சாலிக் அமிலத்தால் அலசினால் கணக்கில் வராத அமிலம் உள்ளே ஒட்டியிருக்கும். அளவீடு மறுபடி கூடும். நடுவில் வெளியேறும் 0.3 மில்லி குமிழி, 20 மில்லி அளவீட்டில் 1.5 சதவீதப் பிழை. மறந்துவிட்ட புனலிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால், செலவானது குறைவாகத் தெரியும். மாணவர் கண்ணில் படாமல் விடையைக் கெடுப்பவை இவை. 'பியூரெட்டைத் தாங்கியில் பொருத்துக' என்பதை யாரும் மறப்பதில்லை, அதற்குச் சுவரொட்டியில் இடமும் வேண்டாம்.

குடுவையைத் தயார் செய்யும் இரண்டாம் நிறுத்தத்தில்தான் படிவரிசை வெல்கிறது. அங்கே வரிசை மாறினால் வேதிவினையே மாறிவிடும். ஆகவே அந்த மூன்று வரிகளுக்கு மட்டும் எண் போடுங்கள்: 1. ஆக்சாலிக் அமிலம் 20 மில்லி. 2. நீர்த்த கந்தக அமிலம் 20 மில்லி. 3. 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கு, கொதிக்க விடாதே. அமிலம் போதாவிட்டால் மாங்கனீசு டைஆக்சைடு பழுப்பாகக் கலங்கும். அப்படிக் கலங்கினால் குடுவையைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். மிகையாகச் சூடாக்கினால் ஆக்சாலிக் அமிலமே சிதையும். முதல் சில சொட்டுகளின் நிறம் மெதுவாகத்தான் மறையும் என்று அடியில் ஒரு வரி சேர்ப்பது நல்லது. உருவாகும் மாங்கனீசு அயனியே வினையைத் துரிதப்படுத்துகிறது. இது தெரியாதவர் அந்த முதல் நிறத்தையே முடிவு நிலை என்று எழுதிவிடுவார்.

மூன்றாம் நிறுத்தம் குடுவையைக் கொட்டும் முன்: இளஞ்சிவப்பு 30 விநாடி நின்றதா, பியூரெட் அளவை எழுதியாயிற்றா, தொடக்கத்திலும் முடிவிலும் மேல் விளிம்பையே பார்த்தோமா. அடர் நிறக் கரைசலில் கீழ்ப்பிறை தெரியாததால்தான் மேல் விளிம்பு.

படச் சுவரொட்டி என்ற மூன்றாவது யோசனையும் அடிக்கடி வரும். பிறைமட்டத்துக்குக் கோட்டோவியம் உதவும். முடிவு நிலை நிறத்துக்கு வண்ணப்படம் வேண்டாம்: அச்சில் நிறம் அடர்ந்து விழும், மாணவர்கள் அந்த அடர்த்தி வரும்வரை சொட்டிக்கொண்டே போவார்கள். குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு வைக்கச் சொல்வதே போதும்.

சுவரிலுள்ள கட்டத்தில் யாரும் டிக் அடிக்க முடியாது. அதே பட்டியலை ஏ5 அளவில் லேமினேட் செய்து ஒவ்வொரு மேசையிலும் மார்க்கரோடு வையுங்கள். பெர்மாங்கனேட் கறை பட்டாலும் துடைத்துவிடலாம்.