டிபியைத் தேடும்போது முகத்தை விட்டுவிட்டுச் சட்டையைத் தேடுங்கள்

எச்சரிக்கையாக இருந்த ஒருவர்தான் இந்த முறை ஏமாந்திருக்கிறார். கப்பலில் பொறியாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவரிடமிருந்து நட்பு அழைப்பு வந்திருக்கிறது. ப்ரொஃபைல் படத்தில் வெள்ளைச் சட்டை, மெல்லிய ஃபிரேம் போட்ட கண்ணாடி, பின்னால் படகுத்துறை. பதில் அனுப்பும் முன்பே அந்தப் படத்தை, படத்தை வைத்தே இணையத்தில் தேடித் தரும் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்திருக்கிறார். வேறு பெயரில் எங்கும் அது வரவில்லை. ஆள் நிஜம்தான் என்று நம்பிப் பேசத் தொடங்கினார். பிறகு "சரக்கு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது" என்ற வழக்கமான கதை வந்தது, பணம் போனது, கணக்கும் காணாமல் போனது.

அவர் தேடியது சரிதான். தேடிய இடம்தான் தவறு.

முன்பெல்லாம் யாரோ ஒருவரின் படத்தை அப்படியே திருடி வைப்பார்கள். ஒரே தேடலில் அகப்பட்டுவிடும். இப்போது திருடிய படத்தில் முகத்தை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். ஃபேஸ் ஸ்வாப் செய்த படம் புதிதாகப் பிறந்தது, அதனால் அந்த முகத்தோடு இணையத்தில் வேறு எங்கும் இருக்காது. ஆனால் கழுத்துக்குக் கீழே எதுவும் மாறியிருக்காது. சட்டை மடிப்பு, கைக்கடிகாரம், விரல்கள் இருக்கும் விதம், பின்னணி எல்லாம் பழைய சொந்தக்காரருடையவை. தேட வேண்டியது அவற்றைத்தான்.

முதலில் படத்தைப் பெரிதாகத் திறந்து சேமியுங்கள். வட்டத்துக்குள் தெரியும் சின்னப் படம் போதாது. வாட்ஸ்அப்பில் டிபியை ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது. இன்னொரு போனில் திரையைப் படம் பிடிக்கலாம், தேடுவதற்கு அது போதும். ஆனால் அதைப் பெரிதாக்கிக் குறை தேடாதீர்கள், திரையின் கோடுகள் விழுந்து எல்லாமே போலியாகத் தெரியும்.

பிறகு ஒரே படத்தை மூன்று விதமாகத் தேடுங்கள். முழுப் படம் ஒன்று, கழுத்திலிருந்து கீழே கைகள் உட்பட ஒன்று, ஆளே இல்லாத பின்னணி ஒன்று. லென்ஸில் மூலைகளை இழுத்தாலே தேடும் பகுதி மாறும். உடையை மட்டும் கொடுத்தால் அதே மாதிரிச் சட்டை விற்கும் கடைகளாக வந்து குவியும். சலித்துப்போய் மூடிவிடாமல் Exact matches பகுதிக்குப் போங்கள். TinEye தளம் வேறு வகை. அது ஒரே மாதிரி ஆட்களைத் தேடாது, அதே படத்தின் பிரதிகளை, வெட்டியோ திருத்தியோ இருந்தாலும், தேடும். முடிவுகளை Oldest என்று வரிசைப்படுத்துங்கள். அங்கே காட்டும் தேதி அவர்கள் அந்தப் படத்தை முதலில் கண்ட தேதி, படம் எடுத்த தேதி அல்ல. யாண்டெக்ஸ் என்ற ரஷ்யத் தேடுதளம் முக ஒற்றுமையில் கெட்டி. முகத்தை மட்டும் வெட்டிப் போட்டால் சாயலுள்ளவர்களைக் கொண்டுவந்து நிறுத்தும். சாயலை வைத்து ஆளை முடிவு செய்துவிடக் கூடாது.

இந்தக் கப்பல்காரர் படத்தில் மூன்று வெட்டுகளிலும் முதலில் எதுவும் சிக்கவில்லை. துப்பு கொடுத்தது சட்டைப்பை. அது வலது மார்பில் இருந்தது, பொத்தான் பட்டையும் ஆண்கள் சட்டைக்கு நேர்மாறாக மடிந்திருந்தது. அதாவது படம் இடம் வலமாகத் திருப்பப்பட்டிருக்கிறது. பல போன்களில் செல்ஃபியே இப்படித் திரும்பி விழும் என்பதால் இது மட்டும் குற்றச்சாட்டு ஆகாது. ஆனால் படத்தைத் திருப்பிவிட்டால் பல தேடல்கள் தடுமாறும், திருடுபவர்களுக்கும் அது தெரியும். போனின் எடிட் வசதியில் Flip கொடுத்து, கழுத்துக்குக் கீழ் உள்ள பகுதியை மறுபடி தேடியதும் பழைய விளம்பரப் படம் ஒன்று வந்து நின்றது. முழங்கையில் அதே மடிப்பு, பின்னால் தூணில் அதே கயிற்றுச் சுற்று, முகம் மட்டும் வேறு ஆள். மடிப்பும் கயிறும் ஒன்றாகப் பொருந்திவிட்டால் அது தற்செயல் இல்லை.

மூலப்படம் கிடைக்காதபோதுதான் உற்றுப் பார்க்கும் வேலை. பெரும்பாலான ஸ்வாப் கருவிகள் புருவத்துக்குச் சற்று மேலிருந்து தாடை வரைதான் மாற்றும். முடி, காது, கழுத்து பழையவருடையதாகவே இருக்கும். பரவலாகப் புழங்கும் ஒரு ஸ்வாப் ஏஐ மாடல், முகத்தை 128×128 பிக்சலில்தான் உருவாக்குகிறது. அதை இழுத்துப் பெரிதாக்கி ஒட்டும்போது முகம் மங்கும், மங்கலை மறைக்க இன்னொரு கருவியால் கூர்மையேற்றுவார்கள். விளைவு: இமைமுடி ஊசி மாதிரி தெளிவாக இருக்கும், பக்கத்திலேயே கன்னத்தில் ஒரு துளைகூட இருக்காது. கழுத்தையும் கையின் மேற்புறத்தையும் அதே அளவுக்குப் பெரிதாக்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, முகத்தின் எல்லையைக் கடந்து போகும் பொருட்கள். கண்ணாடிக் காம்பு, நெற்றியில் விழும் முடி, கன்னத்தில் வைத்த விரல். இந்தப் படத்தில் இடது பக்கக் காம்பு கண்ணின் ஓரத்தில் தொடங்கி, பொட்டுப்பகுதியில் கரைந்து, காதருகே சற்றுக் கீழே தள்ளி மறுபடி முளைக்கிறது. உள்ளே இருப்பது ஒட்டிய முகத்தோடு வந்த காம்பு, வெளியே இருப்பது அசல் காம்பு.

மூன்று விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். பியூட்டி ஃபில்டரும் கன்னத்தை வழவழப்பாக்கும், ஆகவே வழவழப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். போர்ட்ரெய்ட் மோட் முடியின் வெளி ஓரத்தை, பின்னணி தொடங்கும் இடத்தில் சிதைக்கும். ஸ்வாப் சிதைப்பது உள் ஓரத்தை, நெற்றித் தோல் தொடங்கும் இடத்தில். எடுத்த நேரம், கேமரா போன்ற விவரங்களைப் படக்கோப்புக்குள்ளேயே வைத்திருக்கும் எக்ஸிஃப் தகவல் இல்லை என்பதும் ஒன்றையும் காட்டாது, சமூக வலைத்தளங்கள் ஏற்றும்போதே அதை நீக்கிவிடும்.

எங்களுக்கு மிகவும் பிடித்த சோதனை காது. ஒரே முகத்தைப் பல உடல்களில் ஒட்டி ஆல்பம் தயாரிப்பவர்கள் காதைக் கவனிப்பதே இல்லை. நாலைந்து படங்களை அருகருகே வையுங்கள். ஒன்றில் காதுமடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும், இன்னொன்றில் தனியாகத் தொங்கும். இடது காதை இடது காதோடுதான் ஒப்பிட வேண்டும், திருப்பிய படங்களைச் சரிசெய்த பிறகு.

முழுக்க முழுக்கச் செயற்கையாக உருவாக்கிய படத்துக்கு மூலமே கிடையாது, அங்கே இந்தத் தேடல் எதுவும் உதவாது. அதனால் தேடல் வெறுமையாக வந்தால் "இன்னும் தெரியவில்லை" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போலி என்று உறுதியானால் எதிராளியிடம் கண்டுபிடித்ததைச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், அடுத்த நிமிடம் கணக்கை அழித்துவிடுவார். ப்ரொஃபைலின் முழு முகவரி, எண், உரையாடல், மூலப்பட இணைப்பு எல்லாவற்றையும் முதலில் சேமித்து, பிறகு புகார் கொடுங்கள். பணம் அனுப்பியிருந்தால் இதற்கெல்லாம் முன்பே வங்கியைக் கூப்பிடுங்கள். மூலப்படத்தில் இருப்பவரை "மோசடிக்காரர்" என்று போட்டுப் பகிராதீர்கள். அவருடைய படமும் திருடப்பட்டதுதான்.