அடுத்தடுத்த ஷிப்டுகளுக்கு இடையே ஓய்வு: வரிசையைத் தடுப்பதா, மணியைக் கணக்கிடுவதா?

காலை 7 முதல் 2 வரை, பிற்பகல் 1.30 முதல் இரவு 8.30 வரை, இரவு 8 முதல் மறுநாள் காலை 7.30 வரை என மூன்று ஷிப்டுகள் உள்ள ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம். செவிலியருக்கு இரு ஷிப்டுகளுக்கு நடுவே குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்பது 1977இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட பரிந்துரை. அதை டியூட்டி பட்டியலில் உறுதிசெய்ய இரு வழிகள் உள்ளன.

முதல் வழி, சில வரிசைகளை அடியோடு தடுப்பது. மாலைக்கு மறுநாள் காலை கூடாது, ஏனெனில் இடைவெளி பத்தரை மணி நேரமே. பட்டியலில் இரவுப் பணி தொடங்கும் தேதியின் கீழ்தான் எழுதப்படும் என்பதால், அடுத்த கட்டத்தில் மாலை என்று எழுதினால் காலை 7.30க்கு இறங்கியவர் அன்றே 1.30க்குத் திரும்ப வேண்டும். ஆகவே அதுவும் கூடாது. கையால் பட்டியல் போடும் பொறுப்புச் செவிலியருக்கு இந்த வழி மிகவும் வசதியானது. ஆனால் காலை 8 முதல் இரவு 8 வரையிலான நீண்ட ஷிப்டைப் புதிதாகச் சேர்த்தால் பழைய தடைகளுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. மறுநாள் 7 மணிக் காலைப் பணிக்கு 11 மணி நேரமே மிஞ்சும்.

இரண்டாம் வழி, முந்தைய ஷிப்டு முடிந்த நேரத்துக்கும் அடுத்தது தொடங்கும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியை நேரடியாகக் கணக்கிடுவது. எக்ஸெலில் B தொடக்கம், C முடிவு, ஒருவருடைய ஷிப்டுகள் வரிசைவரிசையாக:

```
=(B3-C2)*24
```

இரு கட்டங்களிலும் தேதியும் நேரமும் சேர்ந்தே இருக்க வேண்டும். நேரத்தை மட்டும் வைத்து `MOD` கொண்டு சரிக்கட்டுவோர் உண்டு; காலை 7.30க்கு இரவுப் பணி முடிப்பவரை அன்றே 7 மணிக் காலைப் பணியில் போட்டாலும் அது 23.5 மணி நேர ஓய்வு என்று காட்டும், உண்மையில் அரை மணி நேரம் இரண்டும் மோதுகின்றன.

இந்த வழியின் பெரிய பயன், உண்மையில் பணி முடிந்த நேரத்தையும் இட்டுப் பார்க்க முடிவதுதான். தொடர் இரவுப் பணிகளுக்கு இடையே பட்டியலின்படி 12.5 மணி நேரம் உண்டு. பணி ஒப்படைப்பு நீண்டு 8.15 ஆனால் அது 11.75 ஆகிவிடும். வரிசைத் தடைக்கு இது தெரியவே வராது.

என் தேர்வு, வரைவுக்கு வரிசைத் தடையும் அதன்பின் மணிக்கணக்கும் ஆகும். காலை, மாலை, இரவு என முன்னோக்கிச் சுழற்றினால் வரைவிலேயே மீறல்கள் பெரும்பாலும் மறைந்துவிடும். மிஞ்சுபவை மாதத் தொடக்கத்திலும் ஷிப்டு மாற்றத்திலும்தான் வரும். ஆகவே சென்ற மாதக் கடைசி நாளின் ஷிப்டைப் புதிய பட்டியலின் முதல் வரிசையாக ஒட்டிக்கொள்ள வேண்டும். இருவர் ஷிப்டு மாற்றிக்கொள்ளக் கேட்கும்போது இருவருடைய இடைவெளிகளையும், மாற்றிய நாளுக்கு முன்னும் பின்னும், மீண்டும் கணக்கிட்ட பிறகே கண்காணிப்பாளர் கையெழுத்திட வேண்டும்.