வரவேற்பு இழையில் அறிமுகம்: தன்விவரமா, ஒரு செடியா?

பெங்களூருத் தமிழர்களின் மாடித்தோட்டக் குழு ஒன்றில் புதிதாகச் சேருபவர் இரண்டு விதமாகத் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளலாம்.

முதலாவது, தன்விவரம்: “வணக்கம். சொந்த ஊர் சேலம், மென்பொருள் துறையில் வேலை, தோட்டத்தில் ஆர்வம் உண்டு.” இதில் பிழை ஏதுமில்லை. ஆனால் அதே இழையில் இதற்கு முன் வந்த பத்துப் பேரும் ஏறக்குறைய இதையேதான் எழுதியிருப்பார்கள் என்பதால், கைகூப்பும் படங்களும் “வருக” என்ற சொல்லும் வருவதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

இரண்டாவது, கையில் உள்ள ஒரு பொருளிலிருந்து தொடங்குவது: “அல்சூரில் மூன்றாம் மாடியில், பழைய பெயின்ட் வாளியில் கறிவேப்பிலை வளர்க்கிறேன். டிசம்பர் குளிரில் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. தண்ணீரைக் குறைக்க வேண்டுமா?” குளிரில் கறிவேப்பிலையின் வளர்ச்சி மந்தமாகும் என்பதும், அப்போது வேர் ஈரத்திலேயே நின்றால் அழுகும் என்பதும் அனுபவசாலிகளுக்குத் தெரியுமாதலால், அவர்கள் உடனே பதில் எழுதுவார்கள், பதில் சொன்னவருக்குக் கேட்டவரும் நினைவில் நிற்பார்.

நான் இரண்டாவதையே தேர்வேன். கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். நான்கு கேட்டால் எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். பகுதிப் பெயர் போதும், வீட்டு எண் வேண்டாம். ஊரும் தொழிலும் கடைசி வரியில் வரட்டும். பிப்ரவரியில், “உங்கள் பெயின்ட் வாளிச் செடி துளிர்த்ததா?” என்று யாரேனும் கேட்டால், அறிமுகம் பதிந்திருக்கிறது.