குளம்பு அழுகலுக்கு எது உதவும்: குளியல் தொட்டியா, கத்தியா, ஊசியா?

ஐப்பசி அடைமழை ஓய்ந்த நாலாம் நாள் காலையில் பட்டியைத் திறந்துவிட்டேன். 42 செம்மறிகளில் ஒன்பது நொண்டின. அதில் இரண்டு, முன்னங்காலை மடக்கி முட்டி போட்டபடியே மேய்ந்தன. செம்மறி முட்டி போட்டு மேய்ந்தால் கால் நன்றாகக் கெட்டுவிட்டது என்று பொருள். அதைக் கண்டதும் ஆள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மயில்துத்தக் கரைசலில் நிறுத்து என்றார் ஒருவர், ஃபார்மலின்தான் கேட்கும் என்றார் இன்னொருவர். கத்தியை எடுத்து அழுகினதைச் செதுக்கிவிடு என்றார் பெரியப்பா. மூன்றையும் வெவ்வேறு ஆண்டுகளில் நான் செய்து பார்த்திருக்கிறேன். எதை எப்போது எடுக்க வேண்டும் என்பது, காலைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் தெரியும்.

முதலில் இது குளம்பு அழுகல்தானா என்று பார்க்க வேண்டும். அதே பருவத்தில் கோமாரியும் நீலநாக்கு நோயும் வரும், இரண்டிலும் ஆடு நொண்டும். கோமாரியில் வாயிலும் புண் இருக்கும், ஒன்றிரண்டு நாளுக்குள் மந்தையில் பல ஆடுகளுக்கு ஒருசேர வரும். நீலநாக்கில் காய்ச்சல், மூக்கொழுக்கு, முகவீக்கம் உண்டு. குளம்பின் மேல்விளிம்பில், மயிர் முடிந்து ஓடு தொடங்கும் இடத்தில், சிவந்த வளையம் தெரியும். குளம்பு அழுகலோ கீழிருந்து, இரண்டு விரலுக்கும் நடுவே தொடங்கும். இதில் வாயில் ஒன்றும் இருக்காது. வேறு எந்தக் கால்நோயிலும் வராத ஒரு நாற்றம் இதில் வரும், ஒரு முறை மூக்கில் ஏறினால் மறக்காது. சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுவிட வேண்டும், ஏனென்றால் அந்த இரண்டு நோய்க்கும் தொட்டி எந்தப் பயனும் தராது.

ஈரத்தால் காலழுகிப் போச்சு என்று நாம் சொல்வது பாதி உண்மை. சகதியில் நாள் கணக்கில் நின்றால் குளம்பிடுக்கின் தோல் ஊறி வெளுத்து, நம் கைவிரல் தண்ணீரில் ஊறியது போல ஆகும். அந்த ஊறிய தோலில், ஆட்டின் சாணத்திலேயே எப்போதும் இருக்கும் ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்னும் கிருமி புகுந்து புண்ணாக்கும். இது வெறும் இடுக்குப் புண். இடுக்கு சிவந்து, மேலே வெள்ளைக் கசிவு படிந்திருக்கும். ஓடு பிரிந்திருக்காது, நாற்றமும் அதிகம் இராது. பின்னால் வந்து ஓட்டை அடியிலிருந்து பிரிப்பது டைகெலோபாக்டர் நோடோசஸ் என்னும் வேறொரு கிருமி. செம்மறியின் குளம்பு அழுகலுக்கு முதற்காரணம் அதுதான் என்று 1941இல் ஆஸ்திரேலியாவில் பெவரிட்ஜ் என்பவர் நிறுவினார். அது காற்றுப்படாத இடத்தில்தான் வளரும். ஆட்டின் காலை விட்டு மண்ணுக்கு வந்தால், அதிகம் போனால் இரண்டு வாரம்தான் உயிரோடிருக்கும். ஆனால் கெட்டுப்போன ஒரு குளம்புக்குள் மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில்கூடத் தங்கும்.

ஈரம் அந்தக் கிருமிக்கு வழி திறந்துவிடுகிறது, அவ்வளவே. கிருமி மண்ணில் தானாக முளைப்பதில்லை, அதைக் கொண்டுவருவது இன்னொரு ஆட்டின் கால். எங்கள் மந்தைக்கு அது ஆவணியில் சந்தையில் வாங்கிய நாலு பெட்டையோடு வந்தது என்றே நினைக்கிறேன். வாங்கியபோது எதுவும் நொண்டவில்லை. மழை வந்து மற்றவற்றின் கால் ஊறிய பிறகே பரவியது.

தொட்டிக் கரைசல்: மூன்றில் எது

ஃபார்மலின் விலை குறைவு, வேகமும் அதிகம். கடையில் வாங்கும் ஃபார்மலின் 3 லிட்டரை 97 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 3 சதவீதக் கரைசல் கிடைக்கும். அதில் ஆட்டை இரண்டு மூன்று நிமிடம் நிறுத்தினாலே போதும். மந்தை பெரிதாக இருந்து ஆள் குறைவாக இருந்தால் இது வசதி. ஆனால் நான் இதை விட்டுவிட்டேன். புண்ணில் பட்டால் கொதிக்கும். ஒரு முறை சுட்ட ஆடு அடுத்த வாரம் தொட்டிப் பக்கம் வராது, கழுத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் போனால் தோலே வெந்துபோகும். திரும்பத் திரும்பச் செய்தால் குளம்பு ஓடு விறைத்து வெடிக்கும். அதன் ஆவி நம் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும், புற்றுநோய் உண்டாக்கும் பொருளும்கூட. கூரை போட்ட கொட்டகைக்குள் இதை ஒருபோதும் கலக்கக்கூடாது. கத்தி வைத்து ரத்தம் வந்த காலை இதில் இறக்குவது கொடுமை.

மயில்துத்தம் எல்லாக் கடையிலும் கிடைக்கும், நம் ஊரில் பழக்கமானதும் அதுதான். 100 லிட்டருக்கு 5 கிலோ. கிருமியைக் கொல்லும், சந்தேகமில்லை. தொல்லை இரண்டு. சாணமும் சகதியும் சேர்ந்தால் வீரியம் சீக்கிரம் போய்விடும், சகதிக் காலோடு பல ஆடு கடந்தால் தொட்டி வெறும் நீலத் தண்ணீர் ஆகிவிடும். இன்னொன்று, மயில்துத்தம் தாமிர உப்பு, செம்மறிக்குத் தாமிரம் ஆகாது. வெள்ளாடு தாங்கும் அளவைக்கூடச் செம்மறியின் ஈரல் தாங்காது. தாகத்தில் தொட்டியில் வாய் வைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. தகரத் தொட்டியையும் அரித்துவிடும். வெள்ளாடு மட்டும் வைத்திருப்பவருக்கு இது ஒரு வழி. என் மந்தைக்கு வேண்டாம்.

ஜிங்க் சல்பேட்தான் நான் எடுத்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ என்று உரக்கடையில் வாங்கிப் போடுகிறோமே, அதே உப்பு. 10 சதவீதம், அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ. எரியாது, ஆவி இல்லை, ஆடு அடுத்த முறையும் தானாக இறங்கும். மூடி வைத்தால் கரைசலை இன்னொரு முறையும் பயன்படுத்தலாம். குறை ஒன்றே ஒன்று, நேரம். நடத்திக் கடத்தினால் பயன் மிகக் குறைவு. குறைந்தது 15 நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். பலர் இதை 'கேட்கவில்லை' என்று சொல்வது அந்தக் கால்மணி நேரத்தைத் தராததால்தான்.

நாங்கள் செய்தது இப்படி. 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்தில் சிமென்ட் தொட்டி. 6 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கரைசல் நின்றால் குளம்பு முழுக்க நனையும். 2 × 1.2 × 0.06 என்று பெருக்கினால் 0.144 கன மீட்டர், அதாவது 144 லிட்டர், அதற்கு 14½ கிலோ ஜிங்க் சல்பேட். ஒரே நேரத்தில் எட்டு ஆடு நிற்கும். இறக்குவதற்கு முன் வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிட்டோம், தொட்டியில் வாய் வைக்காமலிருக்க. தொட்டிக்கு முன்னால் வேறொரு குழியில் வெறும் தண்ணீர் விட்டு அதில் நடக்கவைத்துச் சகதியைக் கழுவினோம். எட்டெட்டாக ஐந்து முறை, ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வெளியே வந்ததும் களத்துச் சிமென்ட் தரையில் ஒரு மணி நேரம் நிறுத்தினோம். உடனே சகதியில் விட்டிருந்தால் அத்தனையும் கழுவிக்கொண்டு போயிருக்கும். மீந்த கரைசலைக் கண்மாயிலோ வாய்க்காலிலோ கொட்டக்கூடாது, மீன் செத்துவிடும்.

கத்தியா, ஊசியா

தொட்டிக் கரைசலால் ஓட்டுக்கு அடியில் போக முடியாது. ஒன்பதில் ஆறு ஆட்டுக்கு இடுக்குப் புண் மட்டுமே இருந்தது. வாரம் ஒரு முறை, மூன்று வாரம் தொட்டியில் நிறுத்தியதில் அவை தேறிவிட்டன. மூன்றுக்குக் குதிகால் பக்கமிருந்து ஓடு பிரிந்து, உள்ளே சாம்பல் நிறக் கசடும் அந்த நாற்றமும் இருந்தன. அவற்றைத் தொட்டிக்கு அனுப்பவில்லை.

இங்கேதான் கத்திக் கேள்வி. காற்றுப்பட்டால் கிருமி சாகும், ஆகவே பிரிந்த ஓட்டை முழுக்கச் செதுக்கித் திறந்துவிடு என்பது பல தலைமுறைப் பாடம். நானும் அதை நம்பினேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெட்டையின் குளம்பை ரத்தம் வரும்வரை சீவினேன். புண் ஆறவே இல்லை. விரல் நுனியில் சிவப்பாக ஒரு சதைக்கட்டி முளைத்தது, அது தரையில் படும்போதெல்லாம் ரத்தம் கசியும். கடைசிவரை நொண்டியே கிடந்தது. அந்தக் காலை இப்போது நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது.

இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குளம்பு அழுகிய ஆடுகளில் சிலவற்றுக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசியும் காலுக்கு மருந்துத் தெளிப்பும் மட்டும், சிலவற்றுக்கு அதோடு சீவலும். சீவாத ஆடுகள் சீக்கிரம் தேறின, சீவியவற்றுக்குத் தாமதமானது. அதோடு, கோணிய நீளக் குளம்பு நோய்க்குக் காரணமல்ல, அதன் விளைவு. காலை ஊன்றாததால் தேயாமல் வளர்கிறது, நொண்டல் நின்று நடக்கத் தொடங்கியதும் பெரும்பாலும் தானே தேய்ந்துவிடும்.

சீவலுக்கு இன்னொரு கேடும் உண்டு. ஓட்டுத் துண்டுக்குள் கிருமி வெறும் மண்ணில் இருப்பதைவிட நீண்ட நாள் பிழைக்கும், கத்தியில் ஒட்டி அடுத்த ஆட்டின் காலுக்கும் போகும். எனவே மூன்றுக்கும் கத்தி வைக்கவில்லை. மருத்துவர் ஆட்டின் எடையைப் பார்த்து ஊசி போட்டார், சகதியைத் துடைத்துவிட்டு இடுக்கிலும் பிரிந்த இடத்திலும் நீல நிற மருந்துத் தெளிப்பு அடித்தோம். பாலுக்கும் கறிக்கும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கேட்டுச் சுவரில் எழுதி வைத்தேன். ஐந்தாம் நாள் இரண்டு ஆடு நான்கு காலையும் ஊன்றின. மூன்றாவது பத்தாம் நாளுக்கு மேல் தேறியது.

கத்தரி எப்போது எடுக்கலாம்? புண் முழுக்க ஆறிய பிறகு, வெயில் காலத்தில், இன்னும் கோணியிருக்கும் குளம்பில் தொங்கும் ஓட்டை மட்டும். இளஞ்சிவப்பு தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு ஆட்டுக்கும் இடையில் கத்தரியைக் கிருமிநாசினியில் முக்கி, விழும் துண்டுகளைப் பொறுக்கி எரித்துவிட வேண்டும்.

வெள்ளாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றுக்குப் பெரும்பாலும் இடுக்குப் புண்ணோடு நிற்கும், ஓடு பிரிவது குறைவு. ஆனால் தொட்டியில் 15 நிமிடம் நிற்காது, குதித்துத் தாண்டிவிடும். பக்கவாட்டில் தட்டி கட்டி, சிறு கூட்டமாக நெருக்கி நிறுத்தினால்தான் நடக்கும். பரண் போட்ட கொட்டகையில் வளர்ப்பவர்களுக்கு ஈரத் தொல்லை பாதியாகக் குறையும், ஆனால் பரணுக்குக் கீழே இறங்கும் வாசலில் சகதி இருந்தால் அங்கேயே கால் ஊறும்.

கிடையை நாங்கள் தாழ்ந்த நஞ்சையிலிருந்து மேட்டுக் கரம்புக்கு மாற்றி, பழைய இடத்தை 20 நாள் ஆடு மிதிக்காமல் விட்டோம். கிருமிக்கு இரண்டு வாரம்தான் ஆயுள் என்பதால் இந்தக் காலியிடம் எந்த மருந்தையும்விட மலிவு. ஊசி போட்ட மூன்றில் ஒன்று மார்கழியில் மீண்டும் நொண்டியது, தையில் மறுபடியும். அதன் காலுக்குள் கிருமி குடியிருக்கிறது என்று புரிந்தது. சுவரில் எழுதிய நாள் கணக்கு முடிந்ததும் அதைக் கறிக்கு விற்றேன், சந்தைக்குக் கொண்டுபோகவில்லை. புதிதாக வாங்கியவற்றை இப்போது மூன்று வாரம் தனிப்பட்டியில் வைத்து, நாலு காலையும் திருப்பிப் பார்த்து, முதல் நாளும் பத்தாம் நாளும் ஜிங்க் தொட்டியில் நிறுத்திய பிறகே மந்தையில் விடுகிறேன்.