கேரட் படம் போட்ட புட்டி

சுங்கை சிப்புட் பக்கம் பாசார் மாலாமுக்குப் போகிறவர்கள், கண்ணுக்கு நல்லது என்று மாத்திரை விற்கும் கடையில் நிற்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அம்மாவுக்கு 63 வயது. போன வருடம் பார்வை மங்கலாக இருக்கிறது என்றார். கண் டாக்டரிடம் போகச் சோம்பல்பட்டு, நான் சந்தைக்கடையில் வாங்கிய புட்டியைக் கொடுத்தேன். முன்பக்கம் பெரிய கேரட் படம். விற்ற அம்மணி, "கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் இருக்கிற அதே சத்துதான் அண்ணே, இயற்கை. காலையில ஒன்று, ராத்திரி ஒன்று கொடுங்க, எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்னும் பண்ணாது" என்றார். ஒரு புட்டி 85 வெள்ளி. எட்டு மாதத்தில் எட்டு புட்டி வாங்கினோம்.

நாலாவது மாதம் உதடு வெடிக்க ஆரம்பித்தது. வெயில் என்று நினைத்தோம். அப்புறம் உள்ளங்கை உரிந்தது, சீப்பில் கொத்தாக முடி வந்தது, காலையில் எழுந்ததும் தலைவலி, முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டே நாளைக் கடத்தினோம். கிளினிக்கில் இளம் டாக்டர் ஒருவர்தான், "வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள்" என்றார். புட்டியைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார்: ரெட்டினைல் பால்மிடேட், அதாவது வைட்டமின் ஏ, ஒரு மாத்திரைக்கு 25,000 ஐயூ. கேரட் பெயர் எங்கேயும் இல்லை.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். கேரட், கீரை, பப்பாளியில் இருப்பது கரோட்டின். அது வைட்டமின் ஏ இல்லை, வைட்டமின் ஏ ஆகக்கூடிய பொருள். குடல்தான் அதை மாற்றுகிறது. உடம்பில் போதுமான அளவு இருந்தால் அந்த மாற்றம் குறைந்துவிடும். மிச்சம் தோலில் தங்கி, உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான். கண் வெள்ளை மஞ்சளாகாது. கண் வெள்ளையும் மஞ்சளாகிவிட்டால் அது காமாலை. நம் ஊர்ச் செம்பனைப் பழத்தின் சிவப்பும் கரோட்டின்தான். (புகை பிடிப்பவர்கள் மட்டும் கரோட்டின் மாத்திரையையும் தவிர்க்க வேண்டும், அதிக அளவில் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியதாக 1990களின் ஆய்வுகள் காட்டின.)

ஈரலிலும் இந்த மாத்திரையிலும் இருப்பது முழுதாகத் தயாரான வைட்டமின் ஏ. குடலில் அதற்குக் காவல்காரன் இல்லை. வருவதில் பெரும்பகுதி உள்ளே போய்விடுகிறது. எண்ணெயில் கரைவது என்பதால் சிறுநீரில் கழிந்தும் போகாது. கல்லீரல் சேர்த்துக்கொண்டே இருக்கும். கல்லீரல் கொள்ளாமல் போனால் ரத்தத்தில் கசிந்து, அதைச் சுமக்க வேண்டிய புரதத்தின் பிடி இல்லாமல் அலைந்து, செல்களைக் கெடுக்கிறது. தோல், முடி, எலும்பு, மண்டையோட்டுக்குள் அழுத்தம், கடைசியில் கல்லீரலே தழும்பாவது, எல்லாம் அதனால்தான்.

கணக்கைப் பாருங்கள். பெரியவர்கள் நாள்தோறும் சாப்பிடக்கூடிய உச்ச வரம்பு 10,000 ஐயூ, அதாவது 3,000 மைக்ரோகிராம். அம்மா வயது பெண்ணுக்குத் தேவை 700 மைக்ரோகிராம்தான். நாங்கள் கொடுத்தது நாளைக்கு 50,000 ஐயூ. உச்ச வரம்பைப் போல ஐந்து மடங்கு! இதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல் வறுவல் வேறு. ஈரல் 100 கிராமிலேயே பல ஆயிரம் மைக்ரோகிராம் இருக்கும். எப்போதாவது ஒரு துண்டு சாப்பிட்டால் பரவாயில்லை, மாத்திரையோடு சேர்த்து வாராவாரம் என்றால் கதை வேறு.

கல்லீரல் பரிசோதனை அளவுகள் ஏறியிருந்தன. ரத்தத்தில் வைட்டமின் ஏ மட்டும் பார்த்தால் சரியாக இருப்பதுபோல் தெரியலாம், ஏனென்றால் சரக்கு கிடப்பது கல்லீரலில் என்றார் டாக்டர். மாத்திரையும் ஈரலும் அன்றே நிறுத்தியாயிற்று. தலைவலி மூன்று வாரத்தில் விட்டது, உதடும் ஆறியது. எலும்பு வலி இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

எனக்கு வயிறு கலங்கியது வேறொரு விஷயத்துக்கு. ஆறு வாரக் கர்ப்பத்தோடு வந்த என் தங்கச்சிக்கும், "குழந்தைக்குக் கண் நல்லா வரும்" என்று அதே புட்டியை அந்த அம்மணி நீட்டியிருக்கிறார். தயாரான வைட்டமின் ஏ அளவு மிஞ்சினால், முதல் மூன்று மாதத்தில் பிள்ளையின் முகம், இதயம், மூளை உருவாவதையே கெடுக்கும். நல்லவேளை, தங்கச்சி வாங்கவில்லை.

புட்டியில் ரெட்டினால், ரெட்டினைல் பால்மிடேட், ரெட்டினைல் அசிட்டேட் என்று எதைப் பார்த்தாலும் அளவைப் படியுங்கள். பதிவான சரக்கென்றால் MAL என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டியும் இருக்க வேண்டும். எங்கள் புட்டியில் இரண்டும் இல்லை. திரும்பப் போய்க் கேட்டால், "எல்லாருக்கும் ஒத்துக்காது அண்ணே" என்று அந்த அம்மணி சிரித்தார். காசு தரவில்லை. மருந்து அமலாக்கப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன்.

அம்மாவின் மங்கலுக்குக் காரணம் கண்புரை. அதற்கும் வைட்டமின் ஏ குறைவுக்கும் சம்பந்தமே இல்லை. ஈப்போவில் அறுவைக்கு நாள் வாங்கியிருக்கிறோம்.